குறைகாண் ஆணையும் இரு வழிகளும்
(ஜெர்மனி செல்லும் நம் செவிலியர் குறித்து ஒரு விளக்கம்)

முன்னுரை

2023ஆம் ஆண்டின் மழைக்கால நாளொன்றில் எம் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஒன்பது பக்கக் கடிதம் ஒன்றுடன் துறை அறைக்கு வந்தார். கடிதம் ஜெர்மன் மொழியில் இருந்தது. ஆவடியில் வாழும் அவருடைய தங்கை செவிலியர் பட்டம் பெற்றவர். பூவிருந்தவல்லிப் பகுதியிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்தாண்டுகள் பணியாற்றியவர். ஜெர்மனியில் செவிலியராகப் பணிபுரிய விண்ணப்பித்திருந்தவர். கடிதத்தின் முதல் பக்கத்தில் 'டெஃபிசிட்' என்னும் சொல்லைக் கண்டதும் வீட்டார் கலங்கிவிட்டனர். தங்கையின் பட்டம் செல்லாது என்று அந்நாட்டார் எழுதிவிட்டதாகவே அவர்கள் எண்ணினர். தந்தையார் மொழிப் பயிற்சிக்கும் முகவர் கட்டணத்திற்கும் கடன் வாங்கியிருந்தார்.

ஜெர்மன் கற்பிக்கும் நண்பர் ஒருவரின் துணையோடு அக்கடிதத்தை வரி வரியாகப் படித்தோம். படித்து முடித்தபோது அது மறுப்புக் கடிதம் அன்று என்பது விளங்கிற்று. ஆயினும் அதன் கடைசிப் பக்கம் இரண்டு வழிகளைக் காட்டி, ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு கேட்டிருந்தது. எதைத் தேர்வது என்பதில்தான் அப்பெண்ணின் அடுத்த ஓராண்டு அடங்கியிருந்தது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் ஜெர்மன் மொழி வகுப்புக்குச் செல்லும் செவிலியரை இன்று பரவலாகக் காண்கிறோம். அவர்களுள் பலருக்கு இத்தகைய கடிதம் வரக்கூடும். அதனை எவ்வாறு படிப்பது, எவ்வாறு தேர்வது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டமும் உரிமமும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்ற பற்றவைப்பாளரையும் பிட்டரையும் நம்மவர் நன்கறிவர். முகவர் ஒரு பட்டறைக்கு அழைத்துச் சென்று இரும்பைப் பற்றவைக்கச் சொல்வார். 'டிரேட் டெஸ்ட்' எனப்படும் அச்சோதனையில் கை நன்றாயிருந்தால் வேலை கிடைத்துவிடும். செவிலியம் அத்தகையதன்று. ஜெர்மனியில் அது சட்டத்தால் காக்கப்பட்ட தொழில்களுள் ஒன்று. மாநில அரசின் உரிமம் பெறாத எவரும் 'செவிலியர்' என்னும் பெயரைச் சூடிக்கொள்ள இயலாது. மருத்துவமனை நிருவாகம் விரும்பினாலும் உரிமம் இல்லாதவரை உதவியாளர் நிலையில்தான் வைத்துக்கொள்ள முடியும், ஊதியமும் உதவியாளர்க்குரியதே.

அவ்வுரிமம் பெற நான்கு தகுதிகள் வேண்டும். உடல்நலச் சான்று ஒன்று; குற்றப் பின்னணி இன்மைக்கான சான்று ஒன்று; ஜெர்மன் மொழியில் பெரும்பாலும் 'பி2' என்னும் நிலை ஒன்று. நான்காவதும் கடினமானதுமாகிய தகுதி, நம் நாட்டுப் படிப்பு அந்நாட்டுப் படிப்புக்குச் சமமானது என்று மெய்ப்பிப்பது. இச்சமன்மையை ஆராய்வது தில்லியிலோ பெர்லினிலோ உள்ள ஒரே அலுவலகம் அன்று. ஜெர்மனியில் 16 மாநிலங்கள் உள்ளன. எந்த மாநிலத்தில் பணிபுரியப் போகிறோமோ அந்த மாநிலத்தின் அலுவலகமே ஆராய்ந்து ஆணை பிறப்பிக்கும். எந்த அலுவலகம் என்பதை அந்நாட்டு அரசின் anerkennung-in-deutschland.de என்னும் இணையதளத்தில் தொழிலையும் ஊரையும் குறித்துக் கண்டுகொள்ளலாம்.

அளவுகோல் மணிக்கணக்கே

சமன்மையை எப்படி அளக்கின்றனர் என்பது தெரிந்தால் அந்த ஒன்பது பக்கக் கடிதம் எளிதாகிவிடும். 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் ஜெர்மனியில் புதிய செவிலியத் தொழிற்சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை தனித்தனியாக இருந்த பொது நோயாளர் செவிலியம், குழந்தைகள் செவிலியம், முதியோர் பராமரிப்பு ஆகிய மூன்றும் ஒரே பொதுப் பயிற்சியாக இணைக்கப்பட்டன. அது மூன்றாண்டுப் பயிற்சி. வகுப்பறையில் 2100 மணி. நோயாளரிடத்தில் 2500 மணி.

அந்த 2500 மணியின் உட்பிரிவுகளே நமக்கு இன்றியமையாதவை. மருத்துவமனையில் உள்நோயாளர் பராமரிப்பு 400 மணி. முதியோர் இல்லத்தில் நீண்டகாலப் பராமரிப்பு 400 மணி. நோயாளரின் இல்லம் சென்று ஆற்றும் செவிலியம் 400 மணி. இவையன்றிக் குழந்தைகள் பிரிவில் 120 மணியும் மனநலப் பிரிவில் 120 மணியும் உண்டு. எஞ்சிய மணிகள் தொடக்கப் பயிற்சிக்கும் தேர்ந்தெடுத்த துறையில் ஆழ்ந்த பயிற்சிக்கும் உரியவை.

நம் நாட்டுப் பட்டம் நான்காண்டுப் படிப்பு. ஆண்டுக் கணக்கில் அவர்களுடையதைவிட நீண்டது. அப்படியிருக்கக் குறை எங்கிருந்து வந்தது என்று வீட்டார் வினவினர். விடை மேற்கண்ட உட்பிரிவுகளில் உள்ளது. நம் மாணவியர் அறுவைப் பிரிவிலும் மகப்பேற்றுப் பிரிவிலும் சமூக நலப் பணியிலும் மிகுதியான நேரம் செலவிடுகின்றனர். முதியோர் இல்லத்தில் மாதக்கணக்கில் தங்கிப் பயில்வது நம் பாடத்திட்டத்தில் அரிது. நம் நாட்டில் முதியவர் வீட்டில் மகன் மருமகளோடு வாழ்வதே வழக்கமாதலின் அத்தகைய பயிற்சிக்குத் தேவை எழவில்லை. அவர்கள் நாட்டிலோ செவிலியர் தேவையின் பெரும்பகுதி அங்கேதான் உள்ளது. ஆகவே 'டெஃபிசிட்' என்பது தாழ்வைச் சுட்டும் சொல்லன்று. இரண்டு பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது ஒன்றில் காணப்படாத மணிகளைச் சுட்டும் சொல். 'டெஃபிசிட்பெஷைடு' எனப்படும் அவ்வாணையைக் 'குறைகாண் ஆணை' என்று தமிழில் வழங்கலாம்.

ஒரு சான்றிதழின் விலை

ஆவடிப் பெண்ணின் ஆணையில் மூன்று குறைகள் குறிக்கப்பட்டிருந்தன. முதியோர் நீண்டகாலப் பராமரிப்பில் 400 மணி, இல்லம் சென்று ஆற்றும் செவிலியத்தில் 400 மணி, குழந்தைகள் பிரிவில் 120 மணி. ஆகச் செயல்முறையில் 920 மணி. அவற்றோடு வகுப்பறைப் பாடம் 240 மணி. வாரத்திற்கு 38.5 மணி வேலை என்று கொண்டால் 920 மணி என்பது ஏறத்தாழ 24 வாரங்கள். வகுப்பறைப் பாடத்திற்கு ஆறு வாரங்கள். ஆக ஏழு மாதங்கள்.

இப்பட்டியலை உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பெண் இடைமறித்தார். "ஐயா, நான் பதினோரு மாதம் குழந்தைகள் வார்டில்தானே இருந்தேன்! அதற்கப்புறம் ஒரு வருடம் ஹோம் கேர் பிரிவில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொண்டேனே!" என்றார். அவர் மருத்துவமனையிலிருந்து பெற்று அனுப்பிய பணியனுபவச் சான்றிதழை எடுத்துப் பார்த்தோம். அதில் மூன்றே வரிகள் இருந்தன. இந்த நாள் முதல் இந்த நாள் வரை ஸ்டாஃப் நர்சாகப் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர், அவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம் என்பதே செய்தி. எந்தப் பிரிவு, எத்தனை மாதம், வாரத்திற்கு எத்தனை மணி, என்னென்ன பணிகள் என்பன ஒன்றும் இல்லை.

படிப்பில் காணப்படும் குறையைப் பணியனுபவத்தால் நிரப்பிக்கொள்ள ஜெர்மன் சட்டம் இடமளிக்கிறது. அவ்வனுபவம் எந்த நாட்டில் பெற்றதாயினும் ஏற்கப்படும். ஆனால் ஆராயும் அலுவலர் காகிதத்தில் உள்ளதை மட்டுமே காண்பார். வாழ்த்துரை அவருக்குப் பயன்படாது.

மருத்துவமனையில் புதிய சான்றிதழ் பெறுவது எளிதாக இல்லை. பணியாளர் பிரிவில், "எல்லோருக்கும் இந்தப் படிவம்தான்" என்று திருப்பியனுப்பினர். இறுதியில் செவிலியர் கண்காணிப்பாளர் அம்மையார் பழைய பணிப்பட்டியலைத் தேடியெடுத்து உதவினார். ஒவ்வொரு பிரிவும், அங்குத் தொடங்கிய நாளும் முடிந்த நாளும், வாரப் பணிநேரமும், ஆற்றிய பணிகளும் வரிசையாக எழுதப்பட்டன. முத்திரையும் ஒப்பமும் இடப்பட்டு, தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரால் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு அது அனுப்பப்பட்டது.

பத்து வாரங்களுக்குப் பின்னர்த் திருத்திய ஆணை வந்தது. குழந்தைகள் பிரிவின் 120 மணியும் இல்லச் செவிலியத்தின் 400 மணியும் நீக்கப்பட்டிருந்தன. எஞ்சியது முதியோர் நீண்டகாலப் பராமரிப்பில் 400 மணியும் வகுப்பறைப் பாடம் 160 மணியுமே. செயல்முறைக்குப் பத்தரை வாரம், பாடத்திற்கு நான்கு வாரம். விடுமுறை நாள்களையும் சேர்த்தால் நான்கு மாதம். பூவிருந்தவல்லியில் எழுதப்பட்ட ஒரு தாள் மூன்று மாதத்தை மீட்டுத் தந்தது. அந்த மூன்று மாதமும் உதவியாளர் ஊதியத்தில் கழிந்திருக்க வேண்டியவை என்பதை எண்ணினால் அத்தாளின் விலை விளங்கும்.

பணியை விட்டு விலகும் நாளில் பெறும் சான்றிதழே பெரும்பாலும் கடைசிச் சான்றிதழ் ஆகிவிடுகிறது. மருத்துவமனை பெயர் மாறலாம். கண்காணிப்பாளர் ஓய்வு பெறலாம். பணிப்பட்டியல் எடைக்குப் போய்விடலாம். ஆகவே வெளிநாடு செல்லும் எண்ணம் இல்லாதவரும் பிரிவு மாறும்போதெல்லாம் அப்பிரிவுக்கான சான்றினை எழுதி வாங்கிக்கொள்வது தக்கது.

படிப்புச் சான்றுகளிலும் இதே நெறிதான். பட்டச் சான்றும் மதிப்பெண் பட்டியலும் போதமாட்டா. பாடவாரியாகவும் பயிற்சிப் பிரிவு வாரியாகவும் மணிக்கணக்கைக் காட்டும் பட்டியல் வேண்டும். கல்லூரியிலிருந்தும், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ்ப் பயின்றோர் அப்பல்கலைக்கழகத்திலிருந்தும் அதனைப் பெறலாம். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவுச் சான்றும் உடன் செல்லவேண்டும்.

பெயர் பற்றி ஒரு சொல்

தமிழர்க்கே உரிய இடர் ஒன்று உண்டு. நம் சான்றிதழ்களில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டுமே இருக்கும். கடவுச்சீட்டிலோ தந்தை பெயர் முழுமையாகக் குடும்பப் பெயர் என்னும் இடத்தில் அமர்ந்துவிடும். பள்ளிச் சான்றில் 'பேகம்' இருக்கும். பதிவுச் சான்றில் இராது. திருமணத்திற்குப் பின் கணவர் பெயர் சேர்ந்திருக்கும். நமக்கு இவை ஒருவரே என்பது வெளிப்படை. மெய்ன்ஸ் நகரத்திலோ முனிச்சிலோ அமர்ந்திருக்கும் அலுவலர்க்கு இவை மூன்று வெவ்வேறு பெண்கள். மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழி ஆவணத்தைத் தொடக்கத்திலேயே இணைத்துவிட்டால் கடிதப் போக்குவரத்தில் கழியும் மாதங்கள் மிச்சமாகும். அலுவலகத்தின் காலக்கெடு ஆவணங்கள் முழுமையடைந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இரு வழிகள்

இனிக் கடைசிப் பக்கத்திற்கு வருவோம். எஞ்சிய குறையைத் தீர்க்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று 'அன்பாசுங்ஸ்லேர்காங்' என்பது; இதனை 'இயைபுப் பயிற்சி' எனலாம். மற்றது 'கென்ட்னிஸ்ப்ரூஃபுங்' என்பது. இதனை 'அறிவுத் தேர்வு' எனலாம்.

இயைபுப் பயிற்சியில் ஆணை எந்தக் குறையைச் சொல்கிறதோ அக்குறைக்குரிய பிரிவில் மட்டும், உரிமம் பெற்ற செவிலியரின் மேற்பார்வையில், குறித்த மணிநேரம் பணியாற்ற வேண்டும். அதற்குரிய பாடத்தையும் கேட்க வேண்டும். முடிவில் பயிற்சியில் கற்றவை பற்றி ஓர் உரையாடல் நடைபெறும். அதில் நிறைவு தராவிடின் பயிற்சியை ஒருமுறை நீட்டிக்க இடமுண்டு.

அறிவுத் தேர்வு இரு பகுதிகளை உடையது. வாய்மொழித் தேர்வு 45 முதல் 60 நிமிடம் வரை நடைபெறும். செயல்முறைத் தேர்வில் உண்மையான நோயாளரிடத்தில் இரண்டு முதல் நான்கு வரையிலான பராமரிப்புச் சூழல்களைத் தேர்வாளர் முன்னிலையில் கையாள வேண்டும். தவறிய பகுதியை ஒருமுறை மட்டுமே மீண்டும் எழுதலாம். இதற்கெனச் சில மாத ஆயத்த வகுப்புகளை மருத்துவமனைகளும் செவிலியப் பள்ளிகளும் நடத்துகின்றன.

வெளித்தோற்றத்தில் தேர்வே விரைவான வழியாகத் தோன்றும். நான்கு மாத ஆயத்த வகுப்பு, ஒரு தேர்வு, அவ்வளவுதான் என்று முகவர்கள் கூறுவர். ஆனால் ஒரு நுட்பம் இங்குப் பலரால் கவனிக்கப்படுவதில்லை. இயைபுப் பயிற்சி குறைகளை மட்டுமே தொடும். அறிவுத் தேர்வோ குறைகளோடு நிற்பதில்லை. அந்நாட்டு மாணவியர் எழுதும் இறுதித் தேர்வின் பரப்பிலிருந்தே அதன் வினாக்கள் எழுகின்றன. உங்கள் குழந்தைகள் பிரிவுப் பயிற்சி சமமானது என்று ஆணையே ஒப்புக்கொண்டிருந்தாலும், தேர்வில் குழந்தைகள் பராமரிப்பு பற்றிய வினா வரலாம். ஒப்புக்கொள்ளப்பட்ட தகுதியை மீண்டும் அயல்மொழியில் மெய்ப்பிக்கும் சுமையைத் தேர்வைத் தேர்ந்தவர் தாமே ஏற்றுக்கொள்கிறார்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. ஆணையில் குறைகள் சிலவாகவும் சிறியனவாகவும் இருந்தால் இயைபுப் பயிற்சியே குறுகிய வழி. குறைகள் பலவாகவும் பெரியனவாகவும் இருந்து, மொழித்திறனும் உறுதியாக இருந்தால் தேர்வு குறுகிய வழி. ஆணை வருவதற்கு முன்னரே வழியைத் தேர்ந்துகொள்வது அளவெடுக்காமல் துணி வெட்டுவது போன்றதாகும்.

ஆவடிப் பெண் நான்கு மாத இயைபுப் பயிற்சியையே தேர்ந்தார். அவருடைய தோழியொருவரின் நிலை வேறு. அவர் பட்டம் பெறாமல் பட்டயம் பெற்றவர். 2009இல் படிப்பை முடித்தவர். பெரும்பாலும் அறுவை அரங்கிலேயே பணியாற்றியவர். அவருடைய ஆணையில் செயல்முறைக் குறை 1700 மணி, பாடக்குறை 500 மணி. இயைபுப் பயிற்சி என்றால் செயல்முறைக்கு மட்டும் 44 வாரம். பாடத்தையும் விடுமுறையையும் சேர்த்தால் ஓராண்டுக்கு மேல். அவர் மொழித் தேர்வில் 'பி2' நிலையை முதல் முயற்சியிலேயே கடந்தவர். ஆகவே ஐந்து மாத ஆயத்த வகுப்போடு அறிவுத் தேர்வைத் தேர்ந்தார். அவருக்கு அதுவே சரியான வழி.

தேர்வில் தவறுவது எதனால்?

அத்தோழியார் முதல் முயற்சியில் ஒரு பராமரிப்புச் சூழலில் தவறினார். எதில் தவறினார் என்பதைக் கேட்டபோது நமக்கு வியப்பாயிருந்தது. ஊசி, மருந்து, கருவி எதிலும் அன்று. பக்கவாதத்தால் படுத்திருந்த முதியவரைக் காலையில் நீராட்டி அமர்த்தும் பணியில்.

நம் மருத்துவமனைகளில் நோயாளரைத் துடைப்பதும் உணவூட்டுவதும் பெரும்பாலும் உறவினரோ ஆயாவோ செய்யும் பணிகள். செவிலியர் மருந்தையும் குருதிக் குழாய் ஊசியையும் பதிவேட்டையும் கவனிப்பார். ஜெர்மனியில் உடற்பராமரிப்பே செவிலியத்தின் மையமாகக் கருதப்படுகிறது. நம்மவர் நாள்தோறும் செய்யும் சில ஊசிப் பணிகள் அங்கு மருத்துவர்க்கு உரியவை. அதனால் பத்தாண்டு அனுபவமுடைய செவிலியரும், "நாம் இதற்கா படித்தோம்?" என்று மனம் நொந்துகொள்வதுண்டு.

தேர்வாளர் நோக்குவது துடைக்கும் கையை மட்டுமன்று. நோயாளர் தாமே செய்யக்கூடியதைத் தாமே செய்ய விடுகிறாரா? ஒவ்வொரு செயலுக்கும் முன் சொல்லிவிட்டுத் தொடுகிறாரா? திரையை இழுத்து மறைக்கிறாரா? முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் தோன்றும் அறிகுறி உண்டா என்று பார்க்கிறாரா? கீழே விழும் வாய்ப்பை மதிப்பிட்டாரா? பின்னர் இவற்றையெல்லாம் பராமரிப்புத் திட்டமாக எழுதி, அடுத்த முறைச் செவிலியர்க்கு வாய்மொழியாக ஒப்படைக்கிறாரா? படுக்கைப்புண் தடுப்பிற்கும் விழுதல் தடுப்பிற்கும் அந்நாட்டில் எழுதப்பட்ட தேசியத் தர நெறிகள் உள்ளன. அவற்றின் அடிப்படையிலேயே வினாக்கள் எழும். தோழியார் விரைந்து, திறம்பட, தாமே எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டார். முதியவரின் நலமான வலக்கையில் துணியைக் கொடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. நம் ஊரில் அன்பென்று கருதப்படும் செயலே அங்குக் குறையாயிற்று. இரண்டாம் முறை அதனை உணர்ந்து செய்து தேர்ச்சி பெற்றார்.

ஆயத்த வகுப்பைத் தேர்பவர்க்கு இதில் ஒரு குறிப்பு உண்டு. வினாவிடைகளை மனனம் செய்விக்கும் வகுப்பைவிட, தேர்வுக்கு முன் உண்மையான நோயாளரிடத்தில் ஒத்திகை பார்க்க வைத்து, பராமரிப்புத் திட்டம் எழுதவைத்துத் திருத்தித் தரும் வகுப்பே பயன் தரும். எத்தனை ஒத்திகை உண்டு என்று முன்னரே கேட்டறியலாம்.

ஒப்பமிடுமுன் கேட்கத்தக்கவை

2024ஆம் ஆண்டிலிருந்து சமன்மை ஆய்வையே வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு நேரே பயிற்சிக்கோ தேர்வுக்கோ செல்லவும் சட்டம் இடந்தருகிறது. மணிக்கணக்குப் பட்டியலைப் பெற இயலாத பழைய பட்டயதாரர்க்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் ஆவடிப் பெண்ணைப் போன்றோர் அவ்வாறு எழுதிக்கொடுத்தால், அனுபவத்தால் குறையைச் சுருக்கிக்கொள்ளும் உரிமையைத் தாமே விட்டுவிடுகின்றனர். வேலை தருவோர் ஒரே நாளில் பலரை வகுப்பில் சேர்க்கும் வசதி கருதி இதனை விரும்பலாம். எந்தத் தாளில் ஒப்பமிடுகிறோம் என்பதைப் படித்தறியாமல் ஒப்பமிடலாகாது.

அடுத்து, பயிற்சிக்கு இடம் உறுதியாகிவிட்டதா என்று கேட்க வேண்டும். ஆணையில் முதியோர் பராமரிப்பு என்று இருந்தால், பணிக்கமர்த்தும் மருத்துவமனை ஒரு முதியோர் இல்லத்தோடும் செவிலியப் பள்ளியோடும் உடன்பாடு செய்திருக்க வேண்டும். தொடங்கும் நாள் எழுத்தில் இல்லாவிடின் உதவியாளராகக் காத்திருக்கும் மாதங்கள் நீளும். பயிற்சிக்கான நுழைவிசைவு முதலில் 24 மாதம் வரையும், நீட்டித்தால் மூன்றாண்டு வரையும் வழங்கப்படுகிறது. காத்திருக்கும் மாதங்களும் இக்கணக்கிலேயே கழியும்.

மூன்றாவதாக, ஒப்பந்தத்தில் பணத்தைத் திருப்பிச் செலுத்தும் விதி உண்டா என்று பார்க்க வேண்டும். மொழிப் பயிற்சிக்கும் இணைப்புப் பயிற்சிக்கும் செலவிட்ட தொகையை, குறித்த ஆண்டுகளுக்கு முன் விலகினால் திருப்பித் தரவேண்டும் என்று சில ஒப்பந்தங்கள் கூறுகின்றன. தொகை எவ்வளவு, பணியாற்றும் மாதந்தோறும் அது குறைந்து வருமா, தேர்வில் தவறினாலும் கொடுக்க வேண்டுமா என்பவை எழுத்தில் தெளிவாக இருத்தல் வேண்டும்.

முகவரைத் தவிர வேறு வழி இல்லை என்று எண்ணுவோர் 1978இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைக் கிண்டியில் அணுகலாம். அந்நிறுவனம் செவிலியர்க்கு ஜெர்மன் மொழிப் பயிற்சியும் அளித்து வருகிறது. கேரள அரசும் 2021இல் ஜெர்மன் அரசு நிறுவனங்களோடு உடன்பாடு செய்து செவிலியரை அனுப்பத் தொடங்கியது.

பிற நாடுகளோடு ஒப்பிட்டால் இத்தேர்வுரிமையின் அருமை புலப்படும். பிரித்தானியாவில் அயல்நாட்டுச் செவிலியர்க்கு முன்பு மேற்பார்வையில் பயிலும் முறை இருந்தது. 2014இல் அது நீக்கப்பட்டுக் கணினித் தேர்வும் செயல்முறைத் தேர்வும் வந்தன. ஆஸ்திரேலியாவும் 2020இல் இணைப்புப் பயிற்சியை விடுத்துத் தேர்வு முறைக்கு மாறியது. அங்கெல்லாம் கதவு ஒன்றே. ஜெர்மனியில் கதவுகள் இரண்டாதலின், எதைத் தட்டுவது என்பதை அறிந்து தட்ட வேண்டும்.

முடிவுரை

ஆவடிப் பெண் 2024ஆம் ஆண்டின் கோடையில் புறப்பட்டார். நகரின் ஒதுக்குப்புறத்திலுள்ள முதியோர் இல்லத்தில் பத்தரை வாரமும் செவிலியப் பள்ளியில் நான்கு வாரமும் பயின்றார். இறுதி உரையாடல் நிறைவாக முடிந்தது. மொழிச் சான்று முன்னரே கையிலிருந்தமையால் உரிமம் தடையின்றி வந்தது. உரிமத்தின் படியைத் தமையனுக்கு அனுப்பினார். தமையன் அதனைத் துறைக்குக் கொண்டுவந்து காட்டினார். இம்முறை அது ஒரே பக்கம்.

அதனோடு வேறொரு தாளையும் அவர் கொண்டுவந்திருந்தார். பூவிருந்தவல்லியில் தங்கையோடு பணியாற்றிய இன்னொரு செவிலியர் அதே மருத்துவமனையிலிருந்து விலகும்போது பெற்ற பணியனுபவச் சான்றிதழ் அது. பிரிவுகளும் மாதங்களும் மணிகளும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அந்தக் கண்காணிப்பாளர் அம்மையார் இப்போது விலகிச் செல்லும் ஒவ்வொருவர்க்கும் இப்படியே எழுதித் தருகிறாராம்.